பரிசாக கேம் வாங்கும் முன்: அட்டையில் இருக்கும் வயதுக் குறியைப் படிக்கும் முறை

போன தீபாவளிக்கு முந்தின வாரம், கோவை கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய ஒரு கேம் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பேரன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கடைக்காரத் தம்பியிடம் நீட்டினார். ஜி.டி.ஏ. 5 என்று எழுதியிருந்தது.

"பையனுக்கு எத்தனை வயசுங்க?" என்று தம்பி கேட்டார்.

"பத்து நடக்குதுங்க."

"இதுல பதினெட்டுன்னு போட்டிருக்குங்களே."

பெரியவர் பெட்டியை வாங்கி, மூலையில் இருந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்தார். "கஷ்டமா இருக்கும்னு போட்டிருப்பாங்க. எம்பேரன் நல்லா வெளையாடுவானுங்க" என்றார்.

கேம் பெட்டியில் 18 என்று பார்க்கும் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சதுரங்கப் பெட்டியிலும் கட்டை அடுக்கும் பொம்மையிலும் போட்டிருக்கும் வயது பெரும்பாலும் "இந்த வயதுக் குழந்தைக்கு இது விளங்கும்" என்று சொல்வதற்காக இருப்பதால், இங்கேயும் அதே கணக்குதான் என்று தோன்றுகிறது. கேமில் இருக்கும் வயது எண் அது இல்லை. விளையாட எளிதா கடினமா என்பதை அது துளியும் சொல்லாது. உள்ளே என்ன காட்டப்படுகிறது, என்ன பேசப்படுகிறது என்பதைத்தான் சொல்லும். அந்த கேமின் அமெரிக்கப் பெட்டியில் ரத்தக் காட்சி, கடுமையான வன்முறை, நிர்வாணம், பாலியல் காட்சி, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று காரணங்களை வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். தம்பி பொறுமையாக இதைச் சொன்ன பிறகு பெரியவர் வேறு ஒரு கார் ரேஸ் கேமை வாங்கிப் போனார்.

அன்றைக்கு நான் போனது என் தங்கை மகனுக்கு வாங்க. அவனுக்கு 12 வயது. அதற்கு முந்தின வருடம் நானே ஒரு தப்புச் செய்திருந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது நான் கடையில் பெட்டியைக் கையில் எடுத்ததும் எந்த வரிசையில் பார்க்கிறேனோ, அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், அது எந்த ஊர் எண் என்று பாருங்கள்

சினிமாவுக்கு இங்கே தணிக்கை வாரியம் இருக்கிறது. யு, யு/ஏ, ஏ எல்லாருக்கும் தெரியும். கேம்களுக்கு அப்படி ஒரு வாரியம் இந்தியாவில் இல்லை. நம் கடைகளில் இருக்கும் பெட்டிகளில் வெளிநாட்டுக் குறிகள்தான் இருக்கும். பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று ஐரோப்பாவின் பெகி. 2003-இல் வந்தது. முன்பக்கம் கீழ் மூலையில் நிறக் கட்டத்துக்குள் எண் இருக்கும்: 3, 7 பச்சை, 12, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. கட்டத்தில் PEGI என்றே எழுதியிருக்கும்.

மற்றது அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி. 1994-இல் தொடங்கியது. கறுப்பு வெள்ளைக் கட்டம், எண்ணுக்குப் பதில் பெரிய எழுத்து. E என்றால் எல்லாருக்கும், E10+ என்றால் பத்துக்கு மேல், T என்றால் 13-க்கு மேல், M என்றால் 17-க்கு மேல்.

ஜப்பானிலிருந்து வரும் பெட்டிகளும் சில கடைகளில் கிடைக்கும். அங்கே நம் சினிமாப் பழக்கம் நம்மைத் தப்பாக வழிநடத்தும். அவர்கள் முறையில் A என்றால் எல்லா வயதினருக்கும். வயது வந்தோருக்கு மட்டும் என்பதற்கு அவர்கள் போடுவது Z.

எந்த ஊர் எண் என்று ஏன் பார்க்க வேண்டும்? ஒரே கேமுக்கு இரண்டு ஊரில் இரண்டு வயது வரும். என் மருமகன் கேட்டது 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேம், Marvel's Spider-Man. அமெரிக்கப் பெட்டியில் அதற்கு T, அதாவது 13. ஐரோப்பியப் பெட்டியில் 16. கேம் ஒன்றுதான். பெகி முறையில், மனித உருவத்தின் மேல் நடக்கும் அடிதடி நிஜத்தில் எப்படி இருக்குமோ அப்படித் தெரிந்தால் 16-க்குப் போய்விடும். அமெரிக்கக்காரர்கள் அடிதடியில் கொஞ்சம் தளர்வு. கெட்ட வார்த்தை, உடல் காட்டுவது இவற்றில் இறுக்கம். பக்கத்துக் கடையில் வேறு எண் போட்டிருக்கிறதே, இது போலியோ என்று சிலர் குழம்புவார்கள். அது போலி இல்லை, இரண்டு ஊர்க் கணக்கு.

பெட்டியைத் திருப்புங்கள்

எண்ணை விட எனக்கு முக்கியம் பின்பக்கம். பெகி பெட்டியின் பின்னால், எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். முஷ்டி என்றால் வன்முறை. சிலந்தி என்றால் பயமுறுத்தும் காட்சி. பேச்சுக் குமிழ் என்றால் கெட்ட வார்த்தை. ஊசி என்றால் போதை. தாயக்கட்டை என்றால் சூதாட்டம். இவைதான் அந்த எண் எதனால் வந்தது என்று சொல்பவை. அமெரிக்கப் பெட்டியில் படம் இருக்காது. காரணத்தை வார்த்தையாகவே எழுதியிருப்பார்கள்.

காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2024-இல் பலாட்ரோ என்ற சீட்டு கேம் வந்தது. போக்கரில் வரும் சீட்டுச் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி எடுக்கும் தனியாள் விளையாட்டு. உள்ளே பணம் கட்ட எதுவும் இல்லை, பந்தயம் இல்லை. ஆனாலும் அது சூதாட்டத்தைக் கற்றுக்கொடுப்பது போல இருக்கிறது என்று பெகி அதற்கு 18 போட்டது. தயாரிப்பாளர்கள் மேல்முறையீடு செய்து, 2025 பிப்ரவரியில் அது 12-ஆகக் குறைந்தது. அமெரிக்காவில் அதற்கு முதலிலிருந்தே E10+ தான்.

இப்போது இதற்கு நேர் எதிரானதைப் பாருங்கள். FC 24 என்ற கால்பந்து கேம். பெகி அதற்குப் போட்ட எண் 3. அமெரிக்காவில் E. அதன் உள்ளே ஒரு பகுதியில் நிஜப் பணம் கொடுத்து, எந்த ஆட்டக்காரர் வருவார் என்று தெரியாத கட்டுகளை வாங்கலாம். திருவிழாக் கடையில் காசு கொடுத்து மூடின சீட்டைக் கிழித்துப் பார்ப்பது போல. ரத்தம் இல்லை, திட்டு இல்லை, அதனால் 3. ஜெர்மனியில் மட்டும் 2023-இல் இந்த அம்சத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுத்து, அதே கேமுக்கு 12 போட்டார்கள்.

நான் செய்த தப்பு இந்த வகைக் கேமில்தான். மருமகனுக்கு 11 வயதாக இருந்தபோது, பச்சைக் கட்டத்தில் 3 என்று பார்த்ததும் வேறு எதையும் படிக்காமல் கால்பந்து கேம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. பொங்கல் முடிந்து தங்கை போன் செய்தாள்: "அப்பச்சி குடுத்த பொங்கக் காசு ஆயிரத்தைந்நூறும் போச்சுங்கண்ணா. பக்கத்து வீட்டுப் பெரிய பையன்கிட்ட குடுத்து, ஏதோ பாயிண்ட் வாங்கிக்கிட்டானாம்." அவனிடம் கேட்டேன். "நல்ல பிளேயர் ஒருத்தர்கூட வரல மாமா" என்று அழுதான். அவன் அழுததற்கு நான்தான் பொறுப்பு. பெட்டியின் பின்னால் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. நான் படிக்கவில்லை.

பின்பக்கத்தின் கடைசி வரி

அந்த எச்சரிக்கை எங்கே இருக்கும் என்று சொல்கிறேன். அமெரிக்கப் பெட்டியில் வயதுக் கட்டத்துக்கு அடியில் தனியாக ஒரு வரி இருக்கும். அதில் `In-Game Purchases` என்று இருந்தால் கேமுக்கு உள்ளே பணம் கொடுத்து வாங்கும் பொருள் உண்டு. கூடவே `Includes Random Items` என்றும் இருந்தால், என்ன கிடைக்கும் என்று தெரியாமல் வாங்கும் மூடின கட்டு உண்டு. பெகியில் கை ஒன்று அட்டையைப் பிடித்திருப்பது போன்ற படம். அதற்கு அடியில் இதே பொருளில் எழுத்து. உள்ளே வாங்குதல் பற்றிய குறி 2018-இல் வந்தது. மூடின கட்டு பற்றிய சேர்க்கை 2020-இல்தான் வந்தது. அதனால் அதற்கு முன் அச்சான பழைய டிஸ்க்கில் இந்த வரி இல்லை என்பதை வைத்து உள்ளே அப்படி எதுவும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. செகண்ட்ஹேண்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அமெரிக்கப் பெட்டியில் அதே இடத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று `Users Interact`. விளையாடும்போது முன்பின் தெரியாதவர்களோடு பேசவோ எழுதவோ முடியும் என்று பொருள். அவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை யாரும் முன்கூட்டியே பார்த்து வயது போட முடியாது. இ.எஸ்.ஆர்.பி.யே, இணையத்தில் நடக்கும் பேச்சு எங்கள் கணக்கில் சேராது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே 3 என்று போட்ட கேமிலும் ஹெட்செட்டில் யாரோ கெட்ட வார்த்தை பேசலாம். எண் பொய் என்று ஆகாது. எண் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சுருக்கமாக என் வரிசை இதுதான்: எந்த ஊர்க் குறி, என்ன எண், எதனால் அந்த எண், கடைசியாகப் பணமும் அந்நியர் பேச்சும் உண்டா. கடையில் நின்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

ஸ்பைடர்மேனை எப்படி முடிவு செய்தேன்

கடையில் இருந்தது ஐரோப்பியப் பெட்டி. ஆரஞ்சுக் கட்டத்தில் 16, பின்னால் முஷ்டி. பையனுக்கு 12. எண்ணை மட்டும் பார்த்தால் வைத்துவிட்டு வர வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கக்காரர்கள் 13 என்கிறார்களே, நடுவில் மூன்று வருட இடைவெளி எதனால் என்று பார்க்க நினைத்தேன்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. போனில் `esrb.org` என்று அடித்து, தேடும் இடத்தில் கேமின் பெயரை ஆங்கிலத்தில் போடுங்கள். வரும் பக்கத்தில் `Rating Summary` என்று ஒரு பத்தி இருக்கும். எந்த மாதிரிக் காட்சி வருகிறது, ரத்தம் எங்கே தெரிகிறது, என்ன மாதிரி வார்த்தை பேசுகிறார்கள் என்று நாலைந்து வரியில் எழுதியிருப்பார்கள். பெட்டியில் வெறும் வார்த்தையாக இருப்பது இங்கே விளக்கமாகக் கிடைக்கும். செலவு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் குறிக்கு `pegi.info`-வில் இதே போலத் தேடலாம். அட்டை தொலைந்த பழைய டிஸ்க் வாங்கும்போதும் இதுதான் வழி. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் வீட்டில் படிக்கிற பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பரிசு யாருக்கோ அவனை விட்டு மட்டும் வேண்டாம்.

பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. அடிதடி நிறைய, எதிரிகள் துப்பாக்கியால் சுடுவார்கள், சில காட்சிகளில் ரத்தம் தெரியும், கொஞ்சம் கெட்ட வார்த்தை, போதைப்பொருள் பற்றிய பேச்சு. கதாநாயகன் எதிரிகளைக் கட்டிப் போடுகிறானே தவிர கொல்வதில்லை. இந்த அளவு அடிதடி, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் சண்டைப் படத்திலும் இருக்கிறது. அதனால் வாங்கலாம் என்று தோன்றியது.

ஒரு விஷயம் மட்டும் எந்தக் குறியிலும் இல்லை. அந்தக் கதையின் முடிவில் கதாநாயகனை வளர்த்த அத்தை நோயில் இறந்து போகிறார். அவன் பக்கத்திலேயே இருந்து அழுகிறான். வயதுக் குறி துக்கத்தை அளப்பதில்லை. எங்கள் அம்மா, அதாவது அவனுடைய அம்மாயி, அந்த வருட ஆடியில்தான் போனார். அவனைத் தூக்கி வளர்த்தவர். இதைக் கடையில் ஆள் சொல்ல மாட்டார், பெட்டியும் சொல்லாது. அந்த கேமை முடித்த என் நண்பர் ஒருவரைக் கேட்டதால் தெரிந்தது.

கடையிலிருந்தே தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "வாங்கியாங்கண்ணா. அந்த எடம் வர்றப்ப நானும் கூட உக்காந்துக்கறேன்" என்றாள். வாங்கினேன். 16 என்ற எண்ணைத் தாண்டி வாங்கினோம், ஆனால் எதைத் தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டினோம். ஜி.டி.ஏ.வை அவன் கேட்டிருந்தால் இந்த ஆராய்ச்சிக்கே இடமில்லை. அந்த 18-க்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் ஒன்றுகூட 12 வயதுக்கு ஒத்துவராது.

போன் கேம் என்றால்

இப்போது பலர் பரிசாக டிஸ்க் கொடுப்பதில்லை. புதுப் போனைக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது கூகுள் பிளே ரீசார்ஜ் கோடு கொடுக்கிறார்கள். அங்கே வரும் எண் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. பிளே ஸ்டோரில் இந்தியாவில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று காட்டும். கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் சொல்ல, அந்தப் பதில்களிலிருந்து கணினி தானாகக் கொடுக்கும் எண் அது. பெட்டியில் வரும் கேமுக்கு, நிறுவனம் கேள்வித்தாளோடு காட்சிகளின் வீடியோவையும் அனுப்ப, ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். போன் கேமில் எண் வரும் முன் அந்தப் படி இல்லை.

அதனால் பிளே ஸ்டோரில் கேம் பெயருக்கு அடியில் `In-app purchases` என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் `About this game` என்பதைத் தொட்டுக் கீழே இறங்குங்கள். ஒரு பொருளின் விலை எத்தனை ரூபாயிலிருந்து எத்தனை ரூபாய் வரை என்று காட்டும். இலவசக் கேமில் ஒரு பொருளின் மேல் விலை பல ஆயிரம் ரூபாய் என்று கண்டால், அந்த கேம் எதை நம்பி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிளே ஸ்டோரில் வலது மேல் படத்தைத் தொட்டு `Settings`, `Family`, `Parental controls` என்று போனால், எந்த வயது வரை கேம் இறக்கலாம் என்று பூட்டலாம். ஒரு பின் எண் கேட்கும். பிள்ளைக்குத் தெரியாத எண்ணாகப் போடுங்கள். இந்தப் பூட்டு இனிமேல் ஸ்டோரிலிருந்து இறக்குவதை மட்டும் தடுக்கும். ஏற்கனவே போனில் இருக்கும் கேமையோ, ஸ்டோருக்குப் போகாமலே கேமை நிறுவ நண்பன் அனுப்பிய ஏ.பி.கே. கோப்பையோ தடுக்காது. ஆகவே பூட்டைப் பரிசு கொடுக்கும் முன்பே, போன் புதிதாக இருக்கும்போதே போடுவது நல்லது.

கொடுக்கும் நாளில் அரைமணி நேரம்

நான் டிஸ்க்கோடு கோபிசெட்டிப்பாளையத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போனேன். அவர்கள் வீட்டில் பி.எஸ்.5 என்ற கேம் கன்சோல் இருக்கிறது, டிஸ்க் போடும் வகை. (டிஸ்க் போட இடமில்லாத வகையும் விற்கிறார்கள், வாங்கும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.) மச்சானை உட்கார வைத்து, அவர் பெயரில் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் கீழே பையனுக்குப் பிள்ளைக் கணக்கு போட்டோம். `Settings`-இல் `Family and Parental Controls`, அதற்குள் `Family Management`. அங்கே பையனின் பெயரைத் தொட்டால் மூன்று விஷயங்களை மாற்றலாம்.

வயது அளவு ஒன்று. இதை நீங்கள் எடுத்த முடிவுக்குத் தகுந்த மாதிரி வையுங்கள். 12-க்குப் பூட்டிவிட்டு 16 போட்ட டிஸ்க்கைக் கொடுத்தால் கேம் திறக்காது, பண்டிகை நாளில் பையன் முகம் வாடிவிடும். அடுத்தது மற்றவர்களோடு பேசுவதும் எழுதுவதும், அதை நிறுத்தினோம். மூன்றாவது மாதச் செலவு வரம்பு. அதைப் பூஜ்யமாக வைத்தோம். பழைய கால்பந்து கேமும் அதே கன்சோலில் இருப்பதால் இது எங்களுக்கு முக்கியமாக இருந்தது. பையனின் கணக்குக்குப் பணம் ஏற்றும் வாலட் கோடு எதுவும் கொடுப்பதில்லை என்றும் பேசிக்கொண்டோம். போன முறை பக்கத்து வீட்டுப் பையன் வழியாகப் பணம் போனது அப்படித்தான். கன்சோலின் பூட்டு எண் ஆரம்பத்தில் 0000. அதை மாற்றாமல் விட்டால், யூடியூப் பார்க்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் திறந்துவிடும்.

அவனிடமும் மறைக்கவில்லை. "கண்ணு, இது பதினாறுன்னு போட்டிருக்கற கேம். உங்கம்மா சரின்னதால குடுக்கறேன். சண்டை இருக்கும், கடைசில சோகமும் இருக்கும்" என்றேன். "தெரியும் மாமா, கேசவன் வீட்டுல பார்த்தேன்" என்றான். மார்கழியில் ஒரு நாள் ராத்திரி தங்கை போன் செய்து, அந்த இடம் வந்தது, இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், அப்புறம் அம்மாயி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னாள்.

இன்னும் ஒன்று. மேல் பிளாஸ்டிக் உறையைக் கிழித்த டிஸ்க்கைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அதனால் பில்லை வைத்துக்கொண்டு, உறையோடு பிள்ளையின் அம்மா அப்பா கையில் முதலில் கொடுங்கள். பின்பக்கத்தை அவர்களும் ஒருமுறை படித்த பிறகு பிள்ளை கிழிக்கட்டும்.